முதல் மார்க் வாங்கியவரின் கடைசிப் பேச்சு

பிளஸ் டூ முடிவு வருகிற நாளில் நம் பத்திரிகைகளில் ஒரு படம் தவறாமல் இருக்கும். அம்மா லட்டு ஊட்டுவார், அப்பா பக்கத்தில் நிற்பார், நடுவில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளை. கீழே நாலு வரிப் பேட்டி: அன்றன்றைக்கு நடத்திய பாடத்தை அன்றன்றைக்கே படித்தேன், ஆசிரியர்களுக்கு நன்றி, டாக்டராவதே லட்சியம். கஷ்டப்பட்டுப் படிக்கவில்லை, இஷ்டப்பட்டுப் படித்தேன் என்ற வரியும் வருடம் தவறாமல் யாராவது ஒருவர் வாயிலிருந்து வந்துவிடும். 2017-இல் தமிழக அரசு மாநில அளவில் முதலிடம் பிடித்தவர்களின் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது. அதன்பின் இந்தப் படங்கள் குறைந்தனவே தவிர, பள்ளி வாசல் ஃப்ளெக்ஸ்கள் அப்படியே நிற்கின்றன.

பேட்டி தருகிற பிள்ளை தேர்வைத் தாண்டி எதுவும் பேசுவதில்லையே என்று குறை சொல்வது சுலபம். ஆனால் அதற்கு நாம் அவருக்கு இடமே கொடுப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நம் பள்ளிகளில் பிரிவு உபசார விழா ஜனவரியிலோ பிப்ரவரியிலோ முடிந்துவிடுகிறது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஏற்பாடு செய்வார்கள். பன்னிரண்டாம் வகுப்பு புடவையிலும் வேட்டியிலும் வந்து குரூப் போட்டோ எடுத்துக்கொள்ளும், இரண்டு பேர் மேடையில் அழுவார்கள், தலைமை ஆசிரியர் எழுந்து இன்னும் ஒரு மாதம் செல்போனைத் தொடாதீர்கள் என்பார். பொதுத்தேர்வு மார்ச்சில். விடைபெறும் நாளில் முதல் மாணவர் யாரென்றே தெரியாது. தெரிந்தபிறகு அவர் பேசுவதற்கு மேடை கிடையாது, நிருபர் நீட்டுகிற மைக்தான்.

அமெரிக்காவில் வரிசை தலைகீழ். அங்கே உயர்நிலைப் பள்ளியின் பட்டமளிப்பு மே கடைசியில் அல்லது ஜூனில் நடக்கும். அதற்குள் தேர்வெல்லாம் முடிந்திருக்கும், கல்லூரி இடமும் பெரும்பாலும் உறுதியாகியிருக்கும். வகுப்பில் முதலிடம் பெற்றவரை ‘வாலிடிக்டோரியன்’ என்பார்கள், விடை சொல்லிப் பேசுபவர். கறுப்போ நீலமோ ஓர் அங்கி, தலையில் சதுரத் தொப்பி, எதிரே சக மாணவர்களும் அவர்களுடைய குடும்பங்களும். சில நிமிடப் பேச்சு. அதை முன்கூட்டியே எழுதிக் காட்டிப் பள்ளி நிர்வாகத்திடம் ஒப்புதல் வாங்குவது பல பள்ளிகளில் வழக்கம். நாலு நன்றி, இரண்டு நகைச்சுவை, உங்கள் கனவைப் பின்தொடருங்கள் என்று ஒரு வரி. பெரும்பாலான பேச்சுகள் அடுத்த நாளே மறந்துபோகும் தரத்தில்தான் இருக்கும்.

ஆனாலும் இந்த ஏற்பாட்டில் ஒரு வினோதம் உண்டு. தேர்வு மதிப்பெண் ஒன்றை மட்டுமே வைத்து ஓர் ஆளைப் பொறுக்கி எடுத்து, மேடையேற்றி, தேர்வுக்கு அப்பால் கற்றதைச் சொல் என்கிறார்கள். இழப்பதற்கு எதுவும் மிச்சமில்லாத நேரத்தில் கேட்பதால், எப்போதாவது ஒருவர் உண்மையைச் சொல்லிவிடுகிறார்.

அப்படிச் சொன்னவர்களில் எரிக்கா கோல்ட்சனை நான் முதலில் வைப்பேன். நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் காக்சாக்கி என்று ஒரு சிற்றூர். (குழந்தைகளுக்குக் கை, கால், வாயில் கொப்புளம் வருகிற நோயை உண்டாக்கும் காக்சாக்கி வைரஸ் முதலில் இந்த ஊர் நோயாளிகளிடம்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஊருக்கு உலகப் புகழ் அப்படி வந்து சேர்ந்தது.) அங்கே உள்ள காக்சாக்கி-ஏதன்ஸ் உயர்நிலைப் பள்ளியில் 2010 ஜூன் 25 அன்று வகுப்பின் முதல் மாணவியாக எரிக்கா பேசினார்.

ஒரு ஜென் கதையோடு ஆரம்பித்தார். ஞானம் அடைய எத்தனை வருடம் ஆகும் என்று சீடன் கேட்கிறான். பத்து என்கிறார் குரு. மிகவும் கடுமையாக முயன்றால்? இருபது. இன்னும் கடுமையாக? முப்பது. காரணம், ஒரு கண் இலக்கின் மேலேயே இருந்தால் பாதையைப் பார்க்க ஒரு கண்தானே மிச்சம். நம் பள்ளிப் படிப்பும் இப்படித்தான் என்று சொல்லிவிட்டு, தன் பக்கம் திரும்பினார். நான் முதலிடத்தில் இருக்கிறேன், ஆனால் மற்றவர்களைவிட எனக்கு அறிவு அதிகம் என்று அதற்குப் பொருளில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வதில் நான் கெட்டிக்காரி, அவ்வளவுதான் என்றார். பெயர்களையும் ஊர்களையும் தேதிகளையும் மனப்பாடம் செய்தது, அடுத்த தேர்வுக்கு இடம் வேண்டுமென்று அவற்றை மறந்தது எல்லாவற்றையும் சொன்னார்.

பேச்சின் உயிர் அடுத்த பகுதியில் இருக்கிறது. அங்கே அவர் தன்னைச் சக மாணவர்களோடு ஒப்பிடுகிறார். வகுப்பில் நோட்டு ஓரத்தில் கிறுக்கிக்கொண்டிருந்தவர்கள் ஓவியர்களாகப் போகிறார்கள், நான் குறிப்பெடுத்துத் தேர்வெழுதுவதில் வல்லவளானேன். தனக்குப் பிடித்த ஏதோ ஒன்றைப் படிக்கப்போய் வீட்டுப்பாடத்தை விட்டுவிட்டு வந்தவர்கள் இருந்தார்கள், நான் ஒருநாளும் விட்டதில்லை. சிலர் பாட்டு எழுதி இசையமைத்தபோது நான் கூடுதல் மதிப்பெண்ணுக்கான வேலையை எடுத்துச் செய்தேன், அந்த மதிப்பெண் எனக்குத் தேவையே இல்லாதபோதும். எல்லாப் பாடத்தையும் வேலையாகவே பார்த்ததால் வாழ்க்கையில் எனக்கு என்ன பிடிக்கும் என்று தெரியவில்லை. இப்போது பயமாக இருக்கிறது. இந்தக் கடைசி வார்த்தையை ஒரு முதல் மாணவி ஊரார் முன்னால் சொன்னதுதான் அந்தப் பேச்சைக் காக்சாக்கியைத் தாண்டி உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

இதைக் கேட்டதும் கைதட்டத் தோன்றும். ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால், பள்ளியை எதிர்த்த இந்தப் பேச்சே பள்ளி சொல்லிக்கொடுத்த கட்டுரை இலக்கணத்துக்கு ஒரு முழுமதிப்பெண் உதாரணம். கதையோடு தொடக்கம், எதிர்தரப்பின் கேள்வியைத் தானே எழுப்பிப் பதில், நியூயார்க் மாநிலத்தின் சிறந்த ஆசிரியர் விருது பெற்றும் பள்ளிமுறையைக் கடுமையாகச் சாடிய ஜான் டெய்லர் காட்டோவிடமிருந்து மேற்கோள், பத்திரிகையாளர் மென்கனிடமிருந்து இன்னொன்று, தன்னைச் சிந்திக்க வைத்த பத்தாம் வகுப்பு ஆங்கில ஆசிரியைக்கு நன்றி. முடிக்கும்போது, நாமெல்லாம் சேர்ந்து கல்வியை மாற்றுவோம், அதற்கு முன்னால் நமக்கு அந்த அளவு அறிவிருக்கிறது என்று சொல்லும் காகிதத்தைப் போய் வாங்கிக்கொள்வோம் என்று ஒரு சிரிப்பு. நான் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடப் பழக்கம் அதைக் குறை சொல்கிற நாளிலும் கையை விட்டுப் போகாது என்பது அவருடைய வாதத்துக்கே வலு சேர்க்கிறது.

பாட்டு எழுதியவர்களைப் பற்றி அவர் சொன்னதை வெறும் உணர்ச்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்கப் பள்ளிகளில் ஒவ்வொரு பாடத்துக்கும் கிடைக்கிற தரத்தை எண்ணாக்கிச் சராசரி எடுப்பார்கள். சாதாரணப் பாடத்தில் ‘ஏ’ வாங்கினால் 4. கல்லூரித் தரத்திலான கடினமான பாடத்தில் ‘ஏ’ வாங்கினால் பல பள்ளிகளில் 5. கடினமான பாடத்துக்குத் துணிகிற பிள்ளை நஷ்டப்படக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்த ஏற்பாடு இது.

இரண்டு மாணவிகளை எடுத்துக்கொள்வோம். இருவருமே 10 கடினமான பாடம், 14 சாதாரணப் பாடம் படித்து, எல்லாவற்றிலும் ‘ஏ’ வாங்கியிருக்கிறார்கள். பத்து ஐந்து ஐம்பது, பதினான்கு நான்கு ஐம்பத்தாறு. ஆக 106, அதை 24-ஆல் வகுத்தால் 4.417. இதில் ஒருத்திக்கு வயலின் பிடிக்கும். இருபத்தைந்தாவதாகப் பள்ளி இசைக்குழு வகுப்பிலும் சேர்ந்தாள், அதிலும் ‘ஏ’. இப்போது அவள் கணக்கு 110, வகுக்க 25. சராசரி 4.400. ஒரு பாடம் கூடுதலாகப் படித்து, அதிலும் முழுத்தரம் வாங்கி, அவள் இரண்டாம் இடத்துக்கு இறங்கிவிட்டாள். சாதாரணப் பாடத்தின் 4 அவளுடைய 4.4-ஐக் கீழே இழுக்கிறது. வயலினைத் தொடாத தோழிதான் மேடையேறி வாழ்க்கையில் இசையும் முக்கியம் என்று பேசுவாள்.

இந்தக் கணக்கு தெரிந்த பெற்றோர் இருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே பாடங்களை இதற்கேற்ப அடுக்குகிறவர்களும் உண்டு. சில பள்ளிகள் இசை, விளையாட்டு வகுப்புகளைச் சராசரியில் சேர்க்காமல் விட்டும், சேர்க்கிற பாடங்களுக்கு உச்சவரம்பு வைத்தும் சமாளிக்கின்றன. எந்த விதி போட்டாலும் அதற்கேற்ப ஒரு புது உத்தி பிறந்துவிடுகிறது. நம் ஊரில் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு வருடம் நடத்திய பள்ளிகளைப் பார்த்த நமக்கு இது புரியாத விஷயமில்லை.

2003-இல் நியூஜெர்சி மாநிலத்தின் மூர்ஸ்டவுனில் இந்தக் கணக்கு நீதிமன்றம் வரை போனது. உடல்நலக் குறைவால் பாதிக்கப்பட்ட ஒரு மாணவிக்கு வீட்டிலிருந்தும் படிக்க அனுமதி இருந்தது, உடற்பயிற்சி வகுப்பிலிருந்து விலக்கும் இருந்தது. அதனால் சராசரியை இழுக்கிற சாதாரண வகுப்பு அவருக்குக் குறைவு, முதலிடம் அவருக்கு. இது மற்றவர்களுக்கு நியாயமில்லை என்று நினைத்த நிர்வாகம் முதலிடத்தைப் பங்குபோட முனைந்தது. மாணவி வழக்குப் போட்டார். கூட்டாட்சி நீதிபதி, அவர் ஒருவரே வாலிடிக்டோரியன் என்று தீர்ப்பளித்தார். ஊரில் கிளம்பிய வெறுப்பு அளவுக்கு மீறிப் போக, அவர் பட்டமளிப்புக்கே வரவில்லை. பிறகு உள்ளூர்ப் பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரைகளில் பிறர் எழுத்து கலந்திருப்பது வெளியாகி, ஹார்வர்ட் தந்திருந்த இடத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இந்த மாதிரிச் சண்டை வேண்டாமென்று ஒரு குறிப்பிட்ட சராசரிக்கு மேல் வாங்கிய எல்லோரும் முதல் மாணவர்களே என்று அறிவித்த பள்ளிகளும் இருக்கின்றன. வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் ஒரு பள்ளியில் 2015-இல் 457 பேர் முடித்தார்கள், அதில் 117 பேர் வாலிடிக்டோரியன்கள். எல்லோரையும் பேசவிட்டால் விழா அடுத்த நாள்தான் முடியும்.

எரிக்கா தன்னைப் பற்றிச் சொன்னது சரியா, பயந்துபோன ஒரு பெண்ணின் மிகையா என்று சோதித்துப் பார்க்க ஒரு நல்ல ஆதாரம் உண்டு. அது அவர் பேசுவதற்கு முன்பே அச்சாகிவிட்டது. 1981-இல் இல்லினாய்ஸ் மாநிலத்தில் பள்ளி முடித்த 81 முதல் மாணவர்களை, 46 பெண்கள், 35 ஆண்கள், டெரி டென்னி என்ற கல்விப் பேராசிரியர் பின்தொடரத் தொடங்கினார். பிறகு காரன் அர்னால்ட் அதில் சேர்ந்தார். கல்லூரியில், வேலையில், திருமணத்துக்குப் பின் என்று மறுபடி மறுபடி போய்ப் பேசினார்கள். அர்னால்ட் அதை 1995-இல் ‘லைவ்ஸ் ஆஃப் ப்ராமிஸ்’ என்ற நூலாக்கினார்.

அவர்களில் பெரும்பாலோர் கல்லூரியிலும் நன்றாகப் படித்தார்கள், நல்ல வேலைகளுக்குப் போனார்கள், ஒழுங்கான வாழ்க்கை வாழ்ந்தார்கள். முதல் மார்க் வாங்கியவன் பிற்காலத்தில் உருப்படமாட்டான், கடைசி பெஞ்சுக்காரன்தான் முதலாளி ஆவான் என்று நாம் டீக்கடையில் ஆறுதலுக்காகச் சொல்கிற கதைக்கு இதில் இடமில்லை. ஆனால் தங்கள் வகுப்பிலேயே மிகப் புத்திசாலி தாங்கள்தான் என்று அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை. மிக அதிகம் உழைத்தது நாங்கள் என்றுதான் பெரும்பாலோர் சொன்னார்கள். ஆசிரியர் எதை எதிர்பார்க்கிறார் என்று கண்டுபிடித்து, அதைத் தவறாமல் கொடுப்பது அவர்கள் திறமை. பள்ளி இதற்குத்தான் பரிசு தருகிறது என்பது அர்னால்டின் முடிவு. உலகத்தைப் புரட்டிப்போடுகிறவர்களை இந்தக் கூட்டத்தில் தேட வேண்டாம், இருக்கிற அமைப்பை நன்றாக நடத்துகிறவர்கள் இவர்கள் என்றும் அவர் எழுதினார். எரிக்கா அச்சத்தோடு சொன்னதை அர்னால்ட் நிதானமாகச் சொல்லியிருக்கிறார். சொல்கிற விஷயம் ஒன்றுதான்.

அந்த ஆய்வில் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. வயதொத்தவர்களோடு ஒப்பிட்டால் உங்கள் அறிவு எப்படி என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டே வந்தார்கள். பள்ளி முடித்தபோது, சராசரிக்கு வெகு மேலே என்று சொன்னவர்கள் ஆண்களில் 23 சதவீதம், பெண்களில் 21 சதவீதம். கிட்டத்தட்ட சமம். கல்லூரியின் கடைசி வருடம் மறுபடி கேட்டபோது ஆண்களில் 25 சதவீதம் அப்படிச் சொன்னார்கள். பெண்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. இத்தனைக்கும் மதிப்பெண்ணில் அந்தப் பெண்கள் ஆண்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. மார்க் ஏறிக்கொண்டிருந்த அதே நான்கு வருடத்தில், தன்னைப் பற்றிய மதிப்பீடு அவர்களுக்குக் கரைந்துபோயிருக்கிறது. வேலையையும் குடும்பத்தையும் எப்படிச் சேர்த்து நடத்தப்போகிறோம் என்ற கவலை அந்தப் பெண்களிடம் அப்போதே தொடங்கிவிட்டது, கூடப் படித்த ஆண்களிடம் அந்தக் கவலை அவ்வளவாக இல்லை. நம் ஊரில் ஒவ்வொரு வருடமும் தேர்ச்சியில் மாணவியர் முந்துகிறார்கள் என்று தலைப்புப் போடுகிறோம். நான்கு வருடம் கழித்து அதே பெண்களிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன வரும் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

இன்னொரு கூட்டமும் தடுமாறியது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள், தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள், கறுப்பின மாணவர்கள் சிலர். படிப்பில் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. அவர்களுக்குக் கிடைக்காதது யாரும் பாடமாக நடத்தாத தகவல். பேராசிரியரின் அறைக்குப் போய்ச் சந்தேகம் மட்டுமல்ல, எதிர்காலம் பற்றியும் பேசலாம். அவர் எழுதித் தருகிற ஒரு சிபாரிசுக் கடிதம் எத்தனை கதவுகளைத் திறக்கும். கோடை விடுமுறையில் சம்பளம் குறைந்த ஒரு பயிற்சி, சம்பளம் கூடிய ஒரு கடை வேலையைவிடப் பின்னால் ஏன் உதவும். எடுத்த படிப்பு ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்வது எப்படி. வசதியான வீடுகளில் இதெல்லாம் சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாகக் காதில் விழுந்துவிடும். மற்றவர்களுக்கு யாராவது உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். பள்ளி முழுக்கக் கேள்வித்தாள் வந்து சேரும், நாம் பதில் எழுதினால் போதும் என்று பழகியவர்கள், கேள்வித்தாளே வராத இடத்தில் காத்துக்கொண்டே நின்றுவிட்டார்கள். கடினமாக உழைத்தால் எவராவது கவனித்து அடுத்த படியில் ஏற்றிவிடுவார் என்று நம்பியிருக்கிறார்கள். பள்ளியில் அப்படித்தானே நடந்தது.

எரிக்காவின் பேச்சில் இது இல்லை. இருக்கவும் முடியாது. பள்ளியை விட்டு அன்றைக்கு வெளியேறுகிறவருக்கு, பள்ளி எதைச் சொல்லித்தரவில்லை என்பது எப்படித் தெரியும்? தன்னிடம் என்ன காணாமல் போனது என்பதை மட்டுமே அவரால் சொல்ல முடிந்தது, அதை நேர்மையாகச் சொன்னார். மேடையும் நேரமும் இருந்தும் அவ்வளவுகூடச் சொல்லாமல் இறங்குகிறவர்கள்தான் அதிகம். 2021 மே மாதம் டல்லஸில் ஒரு பள்ளியின் முதல் மாணவி பேக்ஸ்டன் ஸ்மித், தொலைக்காட்சியும் ஊடகமும் தன்னை எப்படி உருவாக்கின என்று ஓர் உரை எழுதி நிர்வாகத்திடம் ஒப்புதல் வாங்கியிருந்தார். மேடையில் அதை வைத்துவிட்டு வேறொரு தாளை எடுத்து, டெக்சஸ் மாநிலம் அந்த மாதம்தான் நிறைவேற்றியிருந்த கருக்கலைப்புத் தடைச் சட்டத்தைப் பற்றிப் பேசினார். அது வேறு வகைத் துணிச்சல், வேறு விவாதம். ஆனால் ஒப்புதல் வாங்கிய தாளில் எது இருக்கும், எது இருக்காது என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

நம் பள்ளி ஒன்று பிரிவு உபசார விழாவில் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குவதாக இருந்தால், அதை அந்த வருடத்து நம்பிக்கை நட்சத்திரத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்பேன். அதே பள்ளியில் எட்டு, பத்து வருடத்துக்கு முன் முதல் மார்க் வாங்கிய பெண் ஒருவரைத் தேடிப்பிடிக்கலாம். முடிந்தால், வீட்டில் முதல் பட்டதாரியாக இருப்பவர். கல்லூரியில் முதல் செமஸ்டர் எப்படிப் போனது, யாரிடம் என்ன கேட்காமல் விட்டார், எந்தப் படிவத்தைப் பற்றி யாருமே சொல்லவில்லை, இன்றைக்கு தன் அறிவைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று அவர் பேசட்டும். பேச்சை முன்கூட்டியே எழுதி வாங்கிப் பார்க்க வேண்டாம்.